பொன்னிறம் என்னும் பொய்

தமிழில் அச்சான சமையல் குறிப்புகளில் அதிகம் எழுதப்பட்ட வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை வதக்கவும்." சமையல் புத்தகம், வார இதழின் இணைப்பு, மசாலா பாக்கெட்டின் பின்பக்கம், யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் குறிப்பு, எங்கே பார்த்தாலும் இது இருக்கும். பக்கத்திலேயே சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் இன்னொன்றும் இருக்கும்: ஐந்து நிமிடம்.

இந்த ஐந்து நிமிடம் பொய். தெரியாமல் நடந்த பிழை என்று விட்டுவிட முடியாது. எழுதியவர் தன் அடுப்பில் அதைச் செய்திருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். வெங்காயம் கசந்துபோனால் நாம் நம்மையே திட்டிக்கொள்கிறோம், "எனக்குக் கைப்பக்குவம் இல்ல" என்று. அந்த வாக்கியத்தை எழுதியவரை யாரும் திட்டுவதில்லை. இந்தக் கட்டுரை அவரைத் திட்டுவதற்காக. அதோடு, வெங்காயம் ஏன் கசக்கிறது, கசக்காமல் எப்படிச் சிவக்க வைப்பது என்பதையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் புரியாமல் திட்டினால் அது வெறும் கோபம்தான்.

முதலில் என் தோல்வி. தனியாக வீடு எடுத்துத் தங்கிய முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேர் சாப்பிட வந்தார்கள். மட்டன் குழம்பு. அரைக் கிலோ பெரிய வெங்காயம் நறுக்கினேன். குறிப்பில் ஐந்து நிமிடம் என்று இருந்தது. ஐந்து நிமிடம் ஆன பிறகும் வெங்காயம் வெள்ளையாகவே இருந்தது. அடுப்பு போதவில்லை போலிருக்கிறது என்று தீயை முழுசாகத் திருகி வைத்தேன். இன்னும் மூன்று நிமிடத்தில் நிறம் வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பொன்னிறம்தான். கிட்டப்போய்ப் பார்த்தால் துண்டுகளின் நுனியெல்லாம் கருப்பு, நடுவில் இன்னும் பச்சை. சராசரியாகப் பார்த்தால் பொன்னிறம்! அதன்மேல் தக்காளி, மசாலா, கறி எல்லாம் போட்டேன். குழம்பு கொதித்து இறக்கியதும் ஒரு நண்பன் முதல் வாய் வைத்துவிட்டு, "மச்சான், மருந்து மாதிரி ஒரு வாடை வருதுடா" என்றான். ஒரு கரண்டி வெல்லம் போட்டேன். இனிப்பான மருந்து ஆனது.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "தீய எவ்ளோ வச்ச?" என்று கேட்டாள். முழுசா வச்சேன் என்றேன். "தண்ணி தெளிச்சு விட்டியா?" "வதக்குறதுக்கு எதுக்கும்மா தண்ணி?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அடிபிடிச்சா தண்ணி தெளிச்சு விடணும்டா, இது யாருக்கும் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. நான் படித்த எந்தக் குறிப்பிலும் அது இல்லை.

அந்த ஒரு கையளவு தண்ணீரில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

பெரிய வெங்காயத்தில் நூற்றுக்கு எண்பத்தொன்பது பங்கு தண்ணீர். அரைக் கிலோ வெங்காயம் என்பது கிட்டத்தட்ட 445 கிராம் தண்ணீரும் 55 கிராம் மற்றவையும். அந்த மற்றவையில்தான் சர்க்கரை, நார், புரதத்தின் சிறு துணுக்குகள், கண்ணில் நீர் வரவைக்கும் கந்தகச் சேர்மங்கள் எல்லாம் அடக்கம். தண்ணீர் கொதிக்கும் வெப்பம் நூறு டிகிரி. ஒரு துண்டில் தாராளமாக ஈரம் இருக்கும்வரை, கீழே எவ்வளவு தீ எரிந்தாலும் அந்தத் துண்டு நூறைத் தாண்டி அதிகம் போகாது. வரும் வெப்பத்தையெல்லாம் நீராவி வாங்கிக்கொண்டு மேலே போய்விடும். ஆனால் வெங்காயம் சிவக்க நூறு டிகிரி போதாது. அதன் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் வினைபுரிந்து வேகமாகப் பழுப்பாவது ஏறத்தாழ 140 டிகிரியை ஒட்டி. அதையும் தாண்டி 180, 190 என்று போனால் அதே பழுப்பு கருகலாகி, நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் கசப்பாகிவிடும். ஆக, நூறுக்கும் நூற்றியெண்பதுக்கும் நடுவில் ஒரு பாலம் மாதிரி இடம். அதில் மெதுவாக நடந்து போக வேண்டும்.

முழுத்தீயில் என்ன நடக்கிறது? கடாயின் அடிப்பாகம் இருநூறு டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும். அதைத் தொடும் வெங்காயத்தின் மேல்தோல் சில நொடிகளில் காய்ந்துவிடுகிறது. துண்டின் உள்ளே தண்ணீர் இருக்கிறதுதான். ஆனால் அது காய்ந்த இடத்துக்கு அவ்வளவு வேகமாக வந்து சேர முடியாது. அந்த மெல்லிய காய்ந்த படலம் பாலத்தில் நடக்காமல் ஒரே தாவலாகக் கருகலுக்குப் போய்விடும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் மேலே உள்ள சதை இன்னும் நூறு டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். ஒரே துண்டில் ஒருபக்கம் கரி, இன்னொருபக்கம் பச்சை. இதுதான் கசந்த வெங்காயத்தின் உடற்கூறு. "அதிகம் வெந்துவிட்டது" என்று சொல்வது பாதி உண்மைதான். கொஞ்சம் அதிகம் வெந்திருக்கிறது, நிறைய வேகவே இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. ஒரு தளம் சராசரியாக அரை நொடியில் திறக்கிறது என்று அறிக்கை சொல்லும். நூறில் ஒருவருக்குப் பத்து நொடி ஆகும். புகார் செய்து மெயில் அனுப்புபவர் அந்த நூறில் ஒருவர்தான். சராசரி அவரை மறைத்துவிடும். வெங்காயத்தின் நிறமும் அப்படி ஒரு சராசரி. கண் மொத்தக் கடாயையும் பார்த்துப் "பொன்னிறம்" என்று கையெழுத்துப் போடும். நாக்குக்குச் சராசரி தெரியாது. அது கருகிய நுனிகளைத்தான் தேடிப் பிடிக்கும். கருகியது ஒரு கைப்பிடிகூட இல்லாவிட்டாலும், குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தால் அந்தக் கசப்பு கரைந்து எல்லா இடத்துக்கும் போய்விடும். அதனால்தான் பொறுக்கி எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரோ தக்காளியோ சேர்ப்பதற்கு முன்பே பொறுக்கிவிட வேண்டும். சேர்த்த பிறகு மன்னிப்பு இல்லை. வெல்லம் கசப்பை எடுக்காது, அதன்மேல் ஒரு போர்வை போர்த்தும், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், எட்டாம் வகுப்பு அறிவியல் போதும். அரைக் கிலோ வெங்காயம் ஒழுங்காகச் சிவந்தால் சுமார் 150 கிராமாகச் சுருங்கும். அதாவது 350 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போயாக வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். 350 கிராமுக்கு எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெங்காயத்தை முதலில் நூறு டிகிரிக்குச் சூடாக்க இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். மொத்தம் ஒன்பது லட்சம் ஜூல் என்று வையுங்கள். ஐந்து நிமிடம் என்றால் 300 நொடி. நொடிக்கு 3,000 ஜூல். அதாவது 3,000 வாட். டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் 1,500 வாட் மின்கெண்டி இரண்டின் முழுச் சக்தியையும், ஒரு துளி வீணாகாமல், ஐந்து நிமிடமும் வெங்காயத்துக்குள் இறக்க வேண்டும்.

நம் வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் இரண்டாயிரம் வாட்டை ஒட்டி இருக்கும். நல்ல அடுப்பிலும் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும், மிச்சம் சமையலறையைச் சூடாக்கும். அப்படியென்றால் தண்ணீர் போவதற்கே, முழுத்தீயில், ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். முழுத்தீ வைத்தால் அடி கருகும் என்று இப்போதுதான் பார்த்தோம். தீயைப் பாதியாக்கினால் இருபத்துநாலு நிமிடம். அப்போதும் வெங்காயம் காய்ந்திருக்கும், சிவந்திருக்காது. சிவக்க இன்னும் பதினைந்து, இருபது நிமிடம். கூட்டிப் பாருங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல்.

ஆக, ஐந்து நிமிடம் என்று எழுதுவது ஆலோசனை அல்ல, கருக்குவதற்கான உத்தரவு. அந்த நேரத்துக்குள் நிறம் வர ஒரே வழி தீயைக் கூட்டுவது. தீயைக் கூட்டினால் கிடைப்பது கரியும் பச்சையும் கலந்த பொய்ப் பொன்னிறம். குறிப்பை அப்படியே கடைப்பிடிப்பவர்தான் கசந்த வெங்காயத்தில் போய் நிற்கிறார். கடைப்பிடிக்காமல் "அதெல்லாம் சும்மா எழுதுறது" என்று அசட்டையாக இருப்பவர் தப்பிக்கிறார். படித்து நம்புபவரைத் தண்டிக்கும் எழுத்தை வேறென்ன சொல்லித் திட்டுவது?

இது நம்மூர் நோய் மட்டும் இல்லை. டாம் ஸ்கோக்கா என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012இல் ஸ்லேட் இதழில் இதே விஷயத்துக்காக அந்த ஊர்க் குறிப்பெழுத்தாளர்கள்மீது பாய்ந்தார். அங்கேயும் இதே ஐந்து, பத்து நிமிடக் கதைதான். காரணம் ஊகிக்கக் கூடியது. தலைப்பில் "முப்பது நிமிடத்தில்" என்று போட வேண்டும். வெங்காயத்துக்கே நாற்பது நிமிடம் என்று எழுதினால் தலைப்பு செத்துவிடும். வீடியோவில் இன்னும் சுலபம். வெள்ளை வெங்காயம் கடாயில் விழும், ஒரு வெட்டு, அடுத்த காட்சியில் தேன் நிறத்தில் மின்னும். நடுவில் போன முக்கால் மணி நேரத்தை எடிட்டர் தின்றுவிட்டார்.

"ஹோட்டல்ல அஞ்சு நிமிஷத்துல பண்றாங்களே?" என்று கேட்பீர்கள். பண்ணவில்லை. வெங்காயத்தைக் காலையிலேயே பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வதக்கி, மசாலாவாக எடுத்துவைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஆர்டர் செய்ததும் நடப்பது சூடு பண்ணுவது. அந்த உயரமான தீயும் சட்டியைத் தூக்கித் தூக்கிப் போடுவதும் அந்தக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும்தான். நாம் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு முழுப்படமும் அதுதான் என்று நினைக்கிறோம்.

சரி, எப்படிச் செய்வது? அதே அரைக் கிலோ, தோல் நீக்கிய எடை. அகலமான, அடி கனமான கடாய். மெல்லிய அலுமினியச் சட்டியில் தீ படும் வட்டம் மட்டும் சுடும், அந்த வட்டத்தில் கருகும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

நறுக்குவதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். காகிதத் தோலுக்கு அடுத்து, பாதி காய்ந்து தோல்மாதிரி இருக்கும் முதல் அடுக்கையும் உரித்துப் போடுங்கள். சிக்கனம் பார்க்காதீர்கள். ஈரம் குறைந்த அந்த அடுக்குதான் முதலில் கருகும். வேர்க்கட்டையையும் முனையையும் வெட்டிவிடுங்கள். பிறகு எல்லாத் துண்டும் ஒரே தடிமன், மூன்று மில்லிமீட்டர் போல, ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிய அளவு. மெல்லியது நல்லதா தடித்தது நல்லதா என்பது இரண்டாம் கேள்வி. மெல்லியதும் தடித்ததும் கலந்திருந்தால் மெல்லியது கருகும்போது தடித்தது பச்சையாக இருக்கும், எந்தச் சமையல்காரராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எண்ணெய் லேசாகச் சூடானதும் வெங்காயம், உப்பு, ஒரு கிளறு, மூடி. ஆம், மூடி போட வேண்டும். தீ நடுத்தரம். பத்து நிமிடம், நடுவில் இரண்டு தடவை திறந்து கிளறுவது போதும். உப்பும் நீராவியும் சேர்ந்து வெங்காயத்தை நெகிழ்த்தி, அதன் தண்ணீரை வெளியே கொண்டுவரும். திறந்து பார்த்தால் வெங்காயம் தன் சாற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். "ஐயோ, இது வதக்கலா அவியலா" என்று பதற்றம் வரும். வரட்டும். இந்தப் பத்து நிமிடத்தில் எந்தத் துண்டும் நூறு டிகிரியைத் தாண்டவில்லை, எல்லாத் துண்டும் ஒரேமாதிரி மெத்தென்று ஆகிவிட்டன. ஓட்டப் பந்தயத்தில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தியாயிற்று. சீராகச் சிவப்பதற்கு இதைவிட முக்கியமான படி இல்லை.

இப்போது மூடியை எடுத்துவிடுங்கள். தீ அதே நடுத்தரம். அடுத்த பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் தண்ணீர் வற்றுவதற்கு. இங்கே கண்ணைவிடக் காது உதவும். முதலில் சளசளவென்று ஈரமான சத்தம் வரும், நிறைய ஆவி பறக்கும். தண்ணீர் குறையக் குறையச் சத்தம் மெலிந்து, எண்ணெய் பொரியும் சடசடப்பாக மாறும். ஆவி நின்றுபோகும். இந்த இடத்தில் வெங்காயம் வெளிறிய மஞ்சளாக, பளபளவென்று இருக்கும். ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆச்சரியமாக இருக்கும், நன்றாகவே இனிக்கும். இன்னும் சிவக்கவே இல்லையே? சிவந்ததால் இனிப்பு வரவில்லை. தண்ணீர் போய் சர்க்கரை செறிவானதால் வந்தது, அதை மறைத்துக்கொண்டிருந்த காரம் வெந்து அடங்கியதால் வந்தது. இதற்குப் பிறகு நடக்கும் சிவப்பு அந்தச் சர்க்கரையைச் செலவழித்துத்தான் நிறமும் மணமும் வாங்குகிறது. நல்ல பேரம்தான், ஓர் எல்லை வரை. அதனால் "எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு இனிக்கும்" என்பது இன்னொரு பொய்.

அந்தச் சத்தம் மாறிய நொடியில் தீயைக் குறையுங்கள். சிம்முக்குக் கொஞ்சம் மேலே. ஆவி நின்றுவிட்டது என்றால் வெங்காயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். இனி வெப்பம் ஏறும், யாரும் தடுக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான், "இப்பதான் கலர் வர ஆரம்பிக்குது" என்று தீயைக் கூட்டுகிறார்கள். கார் மலையிறங்க ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோல.

இரண்டு மூன்று நிமிடத்தில் கடாயின் அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒட்ட ஆரம்பிக்கும். அடிபிடிக்கிறது என்று பயப்படுவோமே, அதுதான். அது டீ நிறத்தில் இருக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி தண்ணீரை அதன்மேல் விட்டு, தட்டையான கரண்டியால் சுரண்டிக் கிளறுங்கள். சுர்ரென்று ஆவி எழும், அடி சுத்தமாகும், வெங்காயம் சட்டென ஒரு சுற்று நிறம் ஏறும். சிவப்பு முதலில் உருவாவது கடாயின் அடியில், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் துண்டுகளில். தண்ணீர் அந்த நிறத்தைக் கரைத்து எல்லாத் துண்டுக்கும் பங்கிடுகிறது. கூடவே கடாயின் வெப்பத்தை மறுபடி நூறுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. அம்மா கேட்ட "தண்ணி தெளிச்சு விட்டியா"வின் பொருள் இதுதான். தண்ணீர் சேர்த்தால் வதக்கல் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம், ஒரு கரண்டி தண்ணீர் அரை நிமிடத்தில் போய்விடும்.

இதையே நாலைந்து முறை திரும்பச் செய்யுங்கள். படலம், தண்ணீர், சுரண்டல். ஒவ்வொரு சுற்றும் மூன்று, நான்கு நிமிடம். முதல் சுற்றில் வைக்கோல் நிறம், மூன்றாவதில் தேன், ஐந்தாவதில் புளியங்கொட்டையின் செம்பழுப்பு. மட்டன் குழம்புக்குத் தேனுக்கும் செம்பழுப்புக்கும் நடுவில் நிறுத்தினால் போதும். அதற்குமேல் போனால் குழம்பு கொதிக்கும்போது கசப்பு எட்டிப்பார்க்கும். வாசனையும் சொல்லும். முதலில் வெங்காய வாடை, பிறகு வெல்லப்பாகு மாதிரி ஒரு மணம். அது காபிக்கொட்டை வறுக்கும் மணமாக மாறும்போது எல்லைக்கு வந்துவிட்டீர்கள். கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் எல்லை தாண்டிவிட்டது. நடுவில் எப்போதாவது அடியின் படலம் கருப்பாகிவிட்டால் மட்டும் சுரண்டாதீர்கள், தண்ணீர் விடாதீர்கள். மேலே உள்ளதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அங்கே தொடருங்கள். கருப்பைக் கரைத்தால் கசப்பைத்தான் பங்கிடுவோம்.

மொத்தம் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம். கணக்கு சொன்னது அதேதான்.

சின்ன வெங்காயத்துக்கு ஓர் எச்சரிக்கை. அதில் தண்ணீர் குறைவு, நூற்றுக்கு எண்பது போல. சர்க்கரை அதிகம். அதனால் சீக்கிரம் சிவக்கும், அதைவிடச் சீக்கிரம் கருகும். பெரிய வெங்காயத்துக்குப் பழகிய கை அங்கே ஏமாறும். பிரியாணிக்குப் பொரிக்கும் வெங்காயம் வேறு கதை. அங்கே எண்ணெய் நாலு பக்கமும் சூழ்ந்து சுடுவதால் வேகமாகவே சீராகச் சிவக்கும். அதில் கசப்பு வருவது கடைசி ஒரு நிமிடத்தில். எண்ணெயில் குமிழி அடங்க ஆரம்பித்தால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே அரித்து எடுத்துப் பரப்பிவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் தன் சூட்டில் அது இன்னொரு படி சிவக்கும். சரியான நிறத்தில் எடுப்பவர் கசப்பைத்தான் எடுக்கிறார்.

குறுக்குவழிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பத்து, பதினைந்து நிமிடம் மிச்சமாகும், உண்மைதான். காரத்தன்மை கூடினால் பழுப்பாகும் வினை குறைந்த வெப்பத்திலேயே வேகமாக நடக்கும். ஆனால் வெங்காயத்தின் சதையும் கரைந்து கூழாகிவிடும், சிட்டிகை கொஞ்சம் பெரிதானால் சோப்பு வாடை வரும். அரைத்துவிடும் மசாலாவுக்குச் சரி, வெங்காயம் வெங்காயமாகத் தெரிய வேண்டிய தொக்குக்கு ஆகாது. சர்க்கரை போடுவது அதைவிட மோசம். போட்ட சர்க்கரை கடாயின் அடியில் முதல் ஆளாகக் கருகும். நிறம் வந்ததுபோல இருக்கும், வெங்காயம் உள்ளே வெந்திருக்காது.

எல்லாச் சமையலுக்கும் இந்த நாற்பது நிமிடம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாம்பாருக்கும் பொரியலுக்கும் ஆம்லெட்டுக்கும் வெங்காயம் கண்ணாடிபோல ஆனால் போதும், அதற்கு ஐந்து நிமிடம் தாராளம். கொத்து பரோட்டாவில் முழுத்தீயில் அங்கங்கே கருகிய வெங்காயம்தான் ருசி, அது சில நொடி விவகாரம், கொதித்துக் கரையப் போவதில்லை. குறிப்பெழுதுபவர் செய்ய வேண்டியது அந்த வித்தியாசத்தைச் சொல்வதுதான். "கண்ணாடிபோல ஆகும்வரை, ஐந்து நிமிடம்" என்று எழுதுங்கள். அல்லது "செம்பழுப்பாகும்வரை, நாற்பது நிமிடம், இடையிடையே தண்ணீர் தெளித்து" என்று எழுதுங்கள். இரண்டையும் "பொன்னிறம்" என்ற ஒரே சொல்லில் கட்டி, ஐந்து நிமிடம் என்று முத்திரை குத்தாதீர்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், கைப்பக்குவம் என்ற சொல்லால்தான். அந்தச் சொல்லைப் புகழ்ச்சியாகச் சொல்கிறோம். ஆனால் அது என்ன செய்கிறது பாருங்கள். பாட்டி விறகடுப்பில் சமைத்தபோது, வெங்காயம் நிறம் மாறத் தொடங்கியதும் விறகை வெளியே இழுத்துவிடுவாள். கையைத் தண்ணீரில் நனைத்துச் சட்டியில் உதறுவாள். கொல்லைப்பக்கம் வேறு வேலையாக இருந்தாலும் சத்தம் மாறினால் வந்துவிடுவாள். ஒவ்வொன்றும் காரணத்தோடு செய்த செயல், சொல்லிக்கொடுக்கக் கூடியது, எழுதக் கூடியது. எழுத வந்தவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எழுதினார்கள். மிச்சத்துக்குக் "கைப்பக்குவம்" என்று பெயர் வைத்துக் கும்பிட்டுவிட்டார்கள். கும்பிட்டதோடு, அடுப்படியில் அவள் நின்ற முக்கால் மணி நேரமும் காணாமல் போனது. ஐந்து நிமிட வேலைதானே!

அந்தக் காணாமல் போன நேரத்துக்கான பில் இன்றும் யாருக்கோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து, "முப்பது நிமிடக் குழம்பு" வைக்கும் பெண்ணுக்கு. குழம்பு கசந்தால் மேசையில் உட்கார்ந்திருப்பவர் குறிப்பைக் குறை சொல்வதில்லை. "எங்கம்மா வச்சா இப்படி இருக்காது" என்பார். அவருடைய அம்மாவுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது என்பது அவருக்குத் தெரியாது, அவர் அப்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்தைப் பொய்யாக எழுதுவது சின்னப் பிழை என்று யாராவது சொன்னால், அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் வந்து உட்காரட்டும்.

நேரமில்லாத நாளில் நேர்மையான வழிகள் இருக்கின்றன. அன்றைக்குக் கண்ணாடி வெங்காயம் போதுமான குழம்பு வைக்கலாம். அல்லது ஓய்வான ஒருநாளில் ஒன்றரைக் கிலோவை அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து வதக்கி, ஆறவைத்து, ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவைத்துக்கொள்ளலாம். ஒரே பாத்திரத்தில் குவித்தால் மேலே இருப்பது அவியும், கீழே இருப்பது கருகும், மறக்காதீர்கள். இரண்டு மாதம் தாங்கும். நான்கைந்து கட்டி ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும். அப்போது உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான். ஹோட்டல் செய்வதும் இதுதான், அவர்கள் வெளியே சொல்வதில்லை.

போன மாதம் அதே நண்பர்கள் வந்திருந்தார்கள், அதே மட்டன் குழம்பு. "மருந்து வாடை" என்று சொன்னவன் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "என்னடா, இன்னும் வெங்காயத்துலேயே நிக்கிற?" என்றான். முப்பத்திரண்டாவது நிமிடம். கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அடிபிடிக்குதுடா!"

"தண்ணி தெளிச்சு விடு" என்றேன்.